சேர்ட்டுத் தெறியும் கமக்கட்டுத் தையலும்

பக்கத்து வீட்டில் எட்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தன் வெள்ளைச் சேர்ட்டோடு வந்து நின்றான். மேலிருந்து மூன்றாவது தெறி இல்லை. வலது கமக்கட்டில் தையல் விட்டிருந்தது. தாய் வேலை முடிந்து வர இரவாகும், காலையில் பாடசாலை. "நீயே தை, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்றேன். அவன் அதற்கு முன் ஊசி பிடித்ததில்லை. அன்று அவனுக்குச் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

நூலின் நுனியைச் சரிவாக வெட்டி, எச்சிலில் நனைத்து, விரல்களால் தட்டையாக்கினால் ஊசிக் காதில் இலகுவாக நுழையும். காது தெரியாவிட்டால் அதன் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். விரல் நுனியிலிருந்து தோள் வரையான நீளத்துக்கு நூல் போதும். அதைவிட நீண்டால் சிக்குப்படும். தெறிக்கு நூலை இரட்டையாக்கி, இரு நுனிகளையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள்.

புதிய தெறியை எங்கே வைப்பது? மற்றத் தெறிகளைப் பூட்டிச் சேர்ட்டை மேசையில் விரித்து, வெறுமையாக இருக்கும் ஓட்டையின் நடுவால் பென்சிலை விட்டு, கீழே உள்ள துணியில் ஒரு புள்ளி வைத்தால் சரியான இடம் கிடைத்துவிடும். தெறி தொலைந்துவிட்டால் கடைக்கு ஓடத் தேவையில்லை. காற்சட்டைக்குள் போகும் கடைசித் தெறியை வெட்டி எடுத்து மேலே தைக்கலாம். கீழே எந்தத் தெறி இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

புள்ளியின் மேல் இரண்டு சிறு தையல் போட்டு நூலை நிலைநிறுத்திய பிறகு தெறியை வையுங்கள். தெறியின் மேலே, துளைகளுக்கு நடுவில், ஒரு நெருப்புக்குச்சியைக் கிடத்துங்கள். நூல் அந்தக் குச்சிக்கு மேலால் போகவேண்டும். ஒரு துளையால் மேலே வந்து எதிர்த்துளையால் கீழே இறங்குங்கள். ஒவ்வொரு சோடித் துளைக்கும் மூன்று தடவை போதும். பிறகு குச்சியை உருவி, தெறியை மேலே இழுத்தால் துணிக்கும் தெறிக்கும் இடையில் சிறு இடைவெளி கிடைக்கும். ஊசியை அந்த இடைவெளிக்குள் கொண்டுவந்து, நூலை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். இப்போது தெறிக்குக் கீழே நூலால் ஆன ஒரு குட்டைத் தண்டு இருக்கும். ஊசியைப் பின்பக்கம் இறக்கி, அங்கே இரண்டு சிறு தையல் போட்டு வெட்டுங்கள்.

தொடக்கத்தில் தைப்பவர்கள் பெரும்பாலும் விடுவது இந்தத் தண்டைத்தான். பூட்டும்போது சேர்ட்டின் மற்றப் பக்கத் துணி தெறிக்குக் கீழே போய் இருக்கவேண்டும். அதற்கு இடம் இல்லாமல் இறுக்கித் தைத்தால், பூட்டியதும் தெறியைச் சுற்றித் துணி குழிந்து சுருங்கும். நாளடைவில் நூல் அறும், சிலவேளை துணியே பிய்யும். முன்பே பிய்ந்திருந்தால், தெறியைவிடச் சற்றுப் பெரிய துணித்துண்டொன்றைப் பின்னால் வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள்.

கமக்கட்டுக்கு வருவோம். முதலில் பார்க்கவேண்டியது, நூல் அறுந்ததா, துணி கிழிந்ததா என்பதே. பையனின் சேர்ட்டில் நூல்தான் அறுந்திருந்தது. துணி முழுதாக இருந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பினால் பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அதுதான் நாம் போகவேண்டிய பாதை. தொங்கும் நூல்களை இழுக்காமல் வெட்டி, இரு ஓரங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள்.

இதற்கு ஒற்றை நூல், ஒரு நுனியில் முடிச்சு. விட்ட இடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்பே, நல்ல தையலின் மேலேயே தொடங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த கிழமை அதே ஓரத்திலிருந்து மீண்டும் விடும். ஊசியை மேலே எடுத்து, நூல் வந்த இடத்திலிருந்து மூன்று மில்லிமீற்றர் பின்னே போய்க் கீழே குத்துங்கள். துணிக்கு அடியில் ஆறு மில்லிமீற்றர் முன்னே போய் மேலே எடுங்கள். மீண்டும் பின்னே, முந்திய தையல் முடிந்த துளைக்கே. இடது பக்கமாக நகர்ந்தபடி இதைத் தொடர்ந்தால் மேலே மெஷின் தையல்போல இடைவெளியில்லாத கோடு வரும். முன்னே மட்டும் குத்திக்கொண்டு போகும் சாதாரண ஓட்டம் கை தூக்கும் இழுவைக்குத் தாங்காது. மறுமுனையிலும் இரண்டு சென்ரிமீற்றர் தாண்டி, ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டு முடியுங்கள்.

சேர்ட்டைத் திருப்பி, தைத்த இடத்தை இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் பல்லுப்போலத் தெரிந்தால் தையல்கள் நீளம் அல்லது தளர்வு. துணி சுருங்கினால் நூலை இறுக்கிவிட்டீர்கள்.

ஓரத்துணி நைந்து இழை பிரிந்திருந்தால் பழைய பாதையில் தைப்பது வீண். அங்கே மட்டும் மூன்று நான்கு மில்லிமீற்றர் உள்ளே தள்ளித் தைத்து, இரு முனைகளிலும் மெல்லச் சரிந்து பழைய கோட்டுக்கு வாருங்கள். ஆனால் கமக்கட்டு அடிக்கடி விடுவது பெரும்பாலும் சேர்ட் சிறுத்துப்போனதால்தான். அப்படிப்பட்டதை உள்ளே தள்ளித் தைத்தால் இன்னும் இறுகும், அடுத்த முறை கிழிவது துணியாக இருக்கும். அந்தச் சேர்ட் தம்பிக்குப் போகட்டும்.