மாலையானால் அறுந்துபோகும் பிராட்பேண்ட்

"சாயங்காலம் ஆனாலே நெட் போயிடுது" என்று புகார் சொன்னால், போனில் வரும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அப்படிச் செய்தால் இணைப்பு திரும்பி வரலாம். ஆனால் பல மோடங்களில், அதுவரை பதிவாகியிருந்த லாக் முழுவதும் அந்த நொடியே அழிந்துவிடும். இணைப்பு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் அறுந்தது என்று சொல்ல வீட்டுக்குள் இருந்த ஒரே சாட்சி அந்த லாக்தான். அதனால் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னால் அதைப் படித்துவிட வேண்டும்.

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இன்னும் செம்புக் கம்பியில் வரும் பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்ட்தான். சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுப்பார். ஆறரை மணிக்கு மேல் வகுப்பு நடுவிலேயே இணைப்பு அறுந்துவிடும். லைன்மேன் பகலில் வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்கு டீச்சர். சாயங்காலம் எல்லாரும் நெட் பாக்குறாங்க, அதான் டிராபிக்" என்று சொல்லிவிட்டுப் போனார். பகலில் பார்த்தவரை அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் டிராபிக்கால் லைன் அறுந்துபோகாது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை வரும் ஒரு ஜோடிக் கம்பி அந்த வீட்டுக்கு மட்டுமே உரியது. பலருடைய டேட்டாவும் ஒன்றாகக் கலந்து நெரிசல் ஏற்படுவது எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால்தான். இரவு எட்டு மணிக்கு ஊரே படம் பார்க்க உட்கார்ந்தால் அந்தப் பொதுப்பாதை அடைபடும். பக்கங்கள் மெதுவாகத் திறக்கும், வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனால் அந்த நேரத்திலும் மோடத்தின் `DSL` விளக்கு அசையாமல் எரியும். அந்த விளக்கே அணைந்து மினுங்கத் தொடங்கினால், கோளாறு எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவிலோ வீட்டுக்குள்ளேயோ இருக்கிறது. நாம் இரண்டையும் "நெட் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்வதால், இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்கிறது.

மோடத்தின் லாக் இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். கம்ப்யூட்டரில் `192.168.1.1` என்று தட்டினால் பெரும்பாலான மோடங்களின் உள்பக்கம் திறக்கும். டீச்சர் வீட்டு லாகில் இருந்த வரிகள் ஏறக்குறைய இப்படி:

```
18:41:07  DSL link down
18:41:52  DSL link up
18:42:03  PPPoE connected
```

முதல் வரியிலேயே லைன் விழுந்துவிட்டது. முக்கால் நிமிடம் மோடமும் எக்ஸ்சேஞ்சும் மறுபடி ஒன்றையொன்று அளந்து பேசி இணைந்திருக்கின்றன. அதன்பிறகே நம் கணக்கின் பெயரில் லாகின் நடந்திருக்கிறது. முதல் வரி `DSL link down` ஆக இல்லாமல், `LCP echo timeout` என்பது போன்ற ஒன்றாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது கம்பி நன்றாக இருந்து, லாகின் மட்டும் அறுந்திருக்கிறது என்று பொருள். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று மோடம் அவ்வப்போது அனுப்பும் சிறு செய்திக்குப் பதில் வரவில்லை என்பதே அந்த வரி. நெரிசல் மிகக் கடுமையானால் அந்தப் பதிலும் தொலைந்துபோகலாம். நெரிசலால் இணைப்பு உண்மையிலேயே அறுபடும் வழி அது ஒன்றுதான், அதுவும் அபூர்வம். லாகே காலியாகி, மோடம் புதிதாகத் தொடங்கியதாகக் காட்டினால், மின்சாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாலை நேரத்து லோ வோல்டேஜில் பழைய அடாப்டர் தடுமாறி மோடம் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும்.

லாகில் 1970 என்று வருடம் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மோடத்துக்குச் சரியான நேரம் கிடைக்காதபோது அதன் கடிகாரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். நேர அமைப்பில் `+05:30` தேர்ந்தெடுத்து, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரம் தப்பாக இருந்தால் லாகை வேறு எதோடும் பொருத்திப் பார்க்க முடியாது. இந்தத் துப்பறிதலுக்கு ஆதாரமே நேரம்தான்.

அடுத்து, அதே மோடத்தில் `SNR Margin` என்றொரு எண் இருக்கும். கம்பியில் வரும் சிக்னல், சுற்றியுள்ள இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது, அதில் தேவைக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்பதை டெசிபலில் சொல்வது அது. கெட்டிமேளம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குரல் மாறாவிட்டாலும் மேளம் ஏறினால் பேச்சு புரியாது. மோடம் முதலில் இணையும்போது பொதுவாக 6 டெசிபல் அளவாவது மிச்சம் வைத்துக்கொண்டுதான் வேகத்தை முடிவு செய்யும். பிறகு இரைச்சல் ஏறி அந்த மிச்சம் கரைந்துபோனால் தகவல் பிழைபடும். பிழைகள் தொடர்ந்தால் மோடம் தானே இணைப்பை முறித்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் மறுபடி இணையும்.

பகல் இரண்டு மணிக்கு அந்த வீட்டில் இந்த எண் 11. சாயங்காலம் அவ்வப்போது பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தபோது ஆறேகால்வரை 10, 11 என்றுதான் இருந்தது. ஆறரைக்கு மேல் சட்டென்று 3. பிழைக் கணக்கைச் சொல்லும் `CRC` எண்ணும் அதே நேரத்தில்தான் தாவத் தொடங்கியது. கம்பியின் நீளத்தையொட்டி அமையும் `Attenuation` எண் மட்டும் பகலிலும் இரவிலும் மாறவில்லை. ஆக, சிக்னல் பலவீனமாகவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஓர் இரைச்சல் வந்து சேர்ந்திருக்கிறது.

மாலையில் இரைச்சல் கூடுவதற்கு இயற்கையான காரணம் ஒன்று உண்டு. இந்த வகை பிராட்பேண்ட் சுமார் 2,200 கிலோஹெர்ட்ஸ்வரையிலான அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. மீடியம் வேவ் வானொலி இருப்பதும் அதற்குள்தான். அந்த வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பகலில் கிடைக்காத தூரத்து நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்டது நினைவிருக்கும். பகலில் அந்த அலைகளை விழுங்கிக்கொண்டிருக்கும் வான்மண்டல அடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. டெலிபோன் கம்பியும் ஒரு நீண்ட ஏரியல்தான், அதற்கும் அந்த நிலையங்கள் கேட்கும். ஆனால் அந்த இரைச்சல் இருட்ட இருட்ட மெல்ல மெல்ல ஏறும். இங்கே நடந்தது ஒரே தாவல். இப்படிப்பட்ட தாவலைப் பார்த்தால் அந்த நேரத்தில் யார் எந்த ஸ்விட்சைப் போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் இதேபோல் ஒன்று நடந்தது, 2020இல் செய்தியாகவும் வந்தது. ஒன்றரை வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்துவிடும். கேபிளின் பல பகுதிகளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் பொறியாளர்கள் விடிகாலையில் கொட்டும் மழையில், அலைவரிசைகளை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணி அடித்ததும் கருவியில் பெரிய இரைச்சல் எழுந்தது. அதைப் பின்தொடர்ந்து போனால், ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிவி. தினமும் அந்நேரத்துக்கு அதைப் போடுவது வீட்டுக்காரரின் வழக்கம். அவர் அதை அணைத்துவிட்டு, இனிமேல் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். கேபிளை மாற்றியவர்களால் கண்டுபிடிக்க முடியாததைக் கடிகாரத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நமக்கு அந்த விலையுயர்ந்த கருவி வேண்டாம். பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோ ஒன்று போதும். மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வர வேண்டும். டீச்சர் வீட்டில் சமையலறையில் மெல்லிய இரைச்சல்தான். வாசலை நெருங்க நெருங்க ரேடியோ கரகரவென்று கத்தியது. போர்ட்டிகோவில் புதிதாக மாட்டிய மலிவு விலை எல்இடி ஃப்ளட் லைட்தான் காரணம். இருட்டத் தொடங்கியதும், ஆறரை வாக்கில் அதைப் போடுவார்கள். அதை அணைத்ததும் ரேடியோ அடங்கியது, மார்ஜின் எண் சில நிமிடங்களில் 10க்குத் திரும்பியது. மறுபடி போட்டதும் எண் விழுந்தது. இப்படிப் போட்டும் அணைத்தும் பார்க்காமல் எந்தப் பொருள்மீதும் பழி போடக் கூடாது.

ஆனால் விளக்கு மட்டுமே குற்றவாளி இல்லை. அது எழுப்பிய இரைச்சல் கம்பிக்குள் நுழைய ஒரு வழி வேண்டுமே. வாசல் பெட்டியிலிருந்து உள்ளறைக்குத் தட்டையான சாதாரண ஒயரை, மின்சார ஒயரோடு ஒட்டியே இழுத்திருந்தார்கள். ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடிக் கம்பியில் வெளி இரைச்சல் இரண்டு இழைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால், மறுமுனையில் அது பெரும்பாலும் கழிந்துவிடும். முறுக்காத ஒயரில் இந்தப் பாதுகாப்பு இல்லை. வாசல் பெட்டியின் இணைப்பிலும் பச்சை பூத்துக் கிடந்தது. லைட்டை மாற்றி, இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, முறுக்கிய ஒயரைத் தனிப் பாதையில் இழுத்ததும் லாகில் `DSL link down` வருவது நின்றது.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. லைன்மேன் சொன்ன டிராபிக்கும் உண்மைதான், அறுபடும் கோளாறு அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. இதைச் சோதிக்க வைஃபையை விட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டரைக் கேபிளில் மாட்டி, வீட்டிலுள்ள மற்ற போன்களின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நம் வீட்டுப் போனே போட்டோக்களைப் பின்னணியில் ஏற்றிக்கொண்டிருந்தாலும் இதே தாமதம் வரும். வைஃபையில் பார்த்தால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் மோதலும் சேர்ந்து குழப்பும். பிறகு:

```
tracert 8.8.8.8
```

இதில் முதல் வரி நம் மோடம். அடுத்து பதில் தரும் முகவரி பெரும்பாலும் நிறுவனத்தின் முதல் கருவி. அதற்கு `ping -t` போட்டுப் பார்த்தபோது, பகலில் 25 மில்லி செகண்டில் வந்த பதில் இரவு ஒன்பதுக்கு 180ஐத் தாண்டியது, பதினொன்றுக்கு மேல் பழையபடி இறங்கியது. அத்தனை நேரமும் மார்ஜின் 10இலேயே நின்றது. நெரிசலின் கைரேகை இதுதான். இதற்கு நம் வீட்டுக்குள் மருந்து கிடையாது, நிறுவனம்தான் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் கொள்ளளவைக் கூட்ட வேண்டும்.

ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விளக்கும் ஒயரும் கவலையில்லை. கண்ணாடி இழையில் மின் இரைச்சல் ஏறாது. சிவப்பு `LOS` விளக்கு எரிந்தால் இழையில் வளைவோ முறிவோ, எரியாமல் மெதுவாக மட்டும் இருந்தால் நெரிசலோ வைஃபையோ என்று பார்க்கலாம்.

புகார் கொடுக்கும்போது "நெட் போகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். `DSL link down` வந்த நேரங்கள், பகல் மார்ஜின், மாலை மார்ஜின், பிங் எண்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பி, லைன்மேனை மாலை ஆறரைக்கு மேல் வரச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம்.