லிஃப்டின் பாதையில் ஒரு கணக்கு

ஒரு லிஃப்ட் தரைத்தளத்தில் கிளம்பி, 20 மீட்டர் உயரத்தில் உள்ள ஆறாவது மாடியில் 10 வினாடியில் நிற்கிறது. t வினாடியில் அது எந்த உயரத்தில் இருக்கும் என்பதை இப்படி ஒரு பல்லுறுப்புக்கோவையாக எழுதலாம்:

x = 0.6t² − 0.04t³

விடை மீட்டரில் வர வேண்டும். t² வினாடியின் வர்க்கம் என்பதால், 0.6 வெறும் எண்ணாக இருக்க முடியாது. அதன் அலகு மீ/வி². அதேபோல் 0.04-இன் அலகு மீ/வி³. நேரத்தை நிமிடத்தில் அளந்தால் 0.6 என்பது 2160 ஆகிவிடும். கெழுக்களின் அலகை எழுதாமல் விடுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

திசைவேகம் வேண்டுமானால் வகையிட வேண்டும். ஒவ்வொரு உறுப்பிலும் அடுக்கு எண்ணை முன்னே கொண்டுவந்து பெருக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் போதும்:

v = 1.2t − 0.12t²

அலகைப் பாருங்கள். மீ/வி²-ஐ வினாடியால் பெருக்கினாலும், மீ/வி³-ஐ வினாடியின் வர்க்கத்தால் பெருக்கினாலும் மீ/வி-தான் வருகிறது. யாராவது அடுக்கைக் குறைக்க மறந்து 0.12t³ என்று எழுதியிருந்தால், அந்த உறுப்பு மீட்டரில் வந்து நின்று மாட்டிக்கொள்ளும். ஆனால் 3-ஆல் பெருக்க மறந்து 0.04t² என்று எழுதினால்? அலகு சரியாகவே இருக்கும். இந்தப் பிழை அதன் கண்ணில் படாது. அதைப் பிடிக்க t = 10 என்று போட்டுப் பார்க்க வேண்டும். சரியான சூத்திரம் 12 − 12 = 0 என்கிறது, லிஃப்ட் நின்றுவிட்டது. தவறான சூத்திரமோ வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஆறாவது மாடியைக் கடக்கிறது!

இன்னொரு முறை வகையிட்டால் முடுக்கம்:

a = 1.2 − 0.24t

கிளம்பும்போது 1.2 மீ/வி², ஐந்தாவது வினாடியில் சுழி, நிற்கும்போது −1.2. வேகம் உச்சத்தைத் தொடுவது அந்த ஐந்தாவது வினாடியில்தான்: வினாடிக்கு 3 மீட்டர். பத்து வினாடிக்குப் பிறகு இந்தச் சூத்திரத்தை நம்பக் கூடாது. t = 15 என்று போட்டால் x = 0; லிஃப்ட் தானாகவே தரைத்தளத்துக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லும்.

இதில் ஒரு குறையும் உண்டு. நின்றிருந்த லிஃப்டின் முடுக்கம் கிளம்பிய கணமே 1.2-க்குத் தாவுகிறது. உள்ளே நிற்பவருக்கு அது ஒரு குலுக்கல். அதைத் தவிர்க்க ஐந்தாம் படிக் கோவை உதவும்:

x = 0.2t³ − 0.03t⁴ + 0.0012t⁵

இருமுறை வகையிட்டால் a = 1.2t − 0.36t² + 0.024t³. t = 0, t = 10 இரண்டிலும் இது சுழி. குலுக்கல் போய்விட்டது. ஆனால் அதே 20 மீட்டரை அதே 10 வினாடியில் முடிக்க, நடுவழியில் வேகம் 3.75 மீ/வி வரை ஏற வேண்டியிருக்கிறது. மோட்டாரும் அதைத் தாங்க வேண்டும்.