அலகு பொருந்தினால் சூத்திரம் சரியா?

பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில், உயரமான கண்ணாடிச் சாடி நிறைய விளக்கெண்ணெய் ஊற்றி, அதில் சிறிய எஃகுக் குண்டு ஒன்றைப் போடுவார்கள். சற்று தூரம் இறங்கியதும் குண்டின் வேகம் கூடுவது நின்று, ஒரே சீராக இறங்கும். அந்த முற்றுத்திசைவேகத்தின் சூத்திரம் இது:

v = 2r²(ρ − σ)g / 9η

r குண்டின் ஆரம். ρ குண்டின் அடர்த்தி, σ எண்ணெயின் அடர்த்தி. g புவியீர்ப்பு முடுக்கம். η எண்ணெயின் பாகியல் எண். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் மேலே இருந்தது r-ஆ, r²-ஆ என்று குழம்பினால், அலகுகளே பதில் சொல்லும்.

முதலில் η-வின் அலகு வேண்டும். எண்ணெயின் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் வழுக்கும்போது, ஒரு சதுர மீட்டரில் செயல்படும் உராய்வு விசை, வேகம் அடுக்குக்கு அடுக்கு மாறும் வீதத்தைப் பொறுத்தது. விசையை அந்த வீதத்தால் வகுத்தால் வருவது η. விசை/பரப்பு என்பது kg m⁻¹ s⁻². வேகம் மாறும் வீதம் s⁻¹. ஆக, η-வின் அலகு kg m⁻¹ s⁻¹. இதைத்தான் பாஸ்கல் விநாடி என்கிறோம்.

இனி சூத்திரத்தின் மேல்பகுதி. r² என்பது m², அடர்த்தி kg m⁻³, g என்பது m s⁻². பெருக்கினால் மீட்டரெல்லாம் அடிபட்டு kg s⁻² மிஞ்சும். அதை η-வின் அலகால் வகுத்தால் m s⁻¹, அதாவது வேகம். r² இருக்க வேண்டிய இடத்தில் வெறும் r போட்டிருந்தால் s⁻¹ மட்டுமே வந்திருக்கும். அது வேகத்தின் அலகே அல்ல.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. η-வின் அலகைச் சோதிக்க வந்த சூத்திரத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். தப்பான சூத்திரமாக இருந்தாலும், அதற்குத் தோதான அலகு ஒன்று η-வுக்குக் கிடைத்துவிடும். திரும்ப அதிலேயே போட்டால் பொருந்தாமல் எங்கே போகும்? திருடனையே சாட்சிக்கு அழைப்பது போன்றது இது. மாறிலியின் அலகு அதன் வரையறையிலிருந்தோ, நம்பகமான வேறொரு சூத்திரத்திலிருந்தோ வர வேண்டும்.

இந்த முறைக்குப் பிடிபடாத பிழைகளும் உண்டு. 2/9 என்பது வெறும் எண், அதற்கு அலகு இல்லை. 9/2 என்று தலைகீழாக எழுதினாலும் சோதனை வாய் திறக்காது. (ρ − σ) இருக்குமிடத்தில் (ρ + σ) எழுதினாலும் அப்படியே. ஆனால் குறியில் நேர்ந்த இந்தப் பிழைக்கு வேறு வழி இருக்கிறது. குண்டின் அடர்த்தியும் எண்ணெயின் அடர்த்தியும் சமம் என்று வைத்துப் பாருங்கள். குண்டு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். கழித்தல் குறி அந்தச் சுழியத்தைத் தரும், கூட்டல் குறி தராது.