சரக்கை ஏற்பதா, திருப்புவதா?

கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு 2,000 புஷ்கள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். புஷ்ஷின் துளையைச் சோதிக்க ஒரு பிளக் கேஜ் போதும். அதன் ‘கோ’ முனை துளைக்குள் போக வேண்டும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. அளவு எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. தேறியதா, இல்லையா என்பதுதான் கணக்கு.

எத்தனை புஷ்களை எடுத்துப் பார்ப்பது? ‘பத்து சதவீதம் பார், ஒன்று பழுதானாலும் திருப்பி அனுப்பு’ என்ற வழக்கம் உண்டு. நியாயமாகத் தோன்றும் இந்த வழக்கம் ஒரே தரத்துக்கு இரண்டு தீர்ப்பு சொல்லும். நூற்றுக்கு நான்கு பழுது உள்ள சரக்கு 50 புஷ்களாக வந்தால் ஐந்தைத்தான் பார்ப்போம். நூற்றில் சுமார் 81 முறை அது தப்பிவிடும். அதே தரத்தில் 2,000 வந்தால் 200 பார்ப்போம், தப்பவே முடியாது. கண்டுபிடிக்கும் திறனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாம் எடுக்கும் எண்ணிக்கைதான், சதவீதம் அல்ல.

அதனால்தான் ஐ.எஸ். 2500, ஐ.எஸ்.ஓ. 2859 போன்ற தர விதிகளில் அட்டவணைகள் இருக்கின்றன. 1,201 முதல் 3,200 வரையிலான சரக்குக்கு, வழக்கமான சோதனையில், 125 எடுக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று வரை பழுதைப் பொறுக்கலாம் என்று ஒப்பந்தம் இருந்தால், மூன்று பழுது வரை ஏற்கலாம். நான்காவது அகப்பட்டால் மொத்தச் சரக்கையும் மறுக்க வேண்டும். அந்த 125-ஐயும் மேல் பெட்டியிலிருந்தே அள்ளாமல், எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கலந்து எடுக்க வேண்டும்.

இந்த விதிப்படி, நூற்றுக்கு ஒன்று பழுதுள்ள சரக்கு நூற்றில் 96 முறைக்கு மேல் தேறும். சப்ளையருக்கு அது நியாயம். ஆனால் நூற்றுக்கு மூன்று பழுதுள்ள சரக்கும் 48 முறை தேறிவிடும்; ஐந்து பழுதுள்ளதுகூட 12 முறை தேறும். ஆகவே ஒரு சரக்கு தேறியதை வைத்து அது நல்ல சரக்கு என்று சொல்லிவிட முடியாது.

வாங்குபவரைக் காப்பது அடுத்த விதி. தொடர்ந்து வரும் ஐந்து சரக்குகளுக்குள் இரண்டு மறுக்கப்பட்டால், சோதனையை இறுக்க வேண்டும். அப்போதும் 125-தான்; ஆனால் இரண்டு பழுதுக்கு மேல் பொறுக்கக் கூடாது. மூன்று சதவீதப் பழுதுள்ள சரக்கு தேறும் வாய்ப்பு 48-லிருந்து சுமார் 27 ஆக இறங்கும். தொடர்ந்து ஐந்து சரக்கு தேறினால் பழைய விதிக்குத் திரும்பலாம். இறுக்கிய சோதனையிலும் மொத்தம் ஐந்து சரக்கு மறுக்கப்பட்டால், சப்ளையர் தன் பட்டறையில் குறையைத் திருத்தும்வரை கொள்முதலையே நிறுத்த வேண்டும்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு இந்த விதியை விட்டுவிடும் கம்பெனி, பாதிப் பாதுகாப்பைத்தான் வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு சப்ளையருக்கும் தனிப் பதிவேடு போட்டு, எந்தச் சரக்கு தேறியது, எது தேறவில்லை என்று வரிசையாக எழுதி வையுங்கள். அது இல்லாமல் சோதனையை எப்போது இறுக்குவது என்றே தெரியாது.