மலையேற்றத்தை அளக்கும் இரண்டு எண்கள்

மலேசியாவின் கெந்திங் மலைச்சாலையில் விடியற்காலையில் சென்றால், மிதிவண்டியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும் பலரைக் காணலாம். அவர்களுள் ஒருவர் உச்சியை முதலில் அடைகிறார். மற்றொருவர் ஐந்து நிமிடம் கழித்து வந்து சேர்கிறார். முதலில் வந்தவர்தாம் அதிகமாக உழைத்தார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், யார் வேகமாக ஏறினார் என்பது ஒரு கேள்வி. யார் அதிகமாகக் களைத்தார் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை காண, மிதிவண்டி ஓட்டுநர்கள் இரண்டு தனித்தனி எண்களைப் பயன்படுத்துகின்றனர்.

ஓட்டுநரின் உழைப்பை அளக்க உதவும் கருவி திறன்மானி. இது மிதிகளிலோ மிதிகள் இணைந்துள்ள தண்டிலோ பொருத்தப்பட்டிருக்கும். கால்கள் எவ்வளவு விசையுடன், எவ்வளவு விரைவாக மிதிக்கின்றன என்பதை உணர்ந்து, ஒவ்வொரு வினாடியும் வெளிப்படும் ஆற்றலை ‘வாட்’ என்னும் அலகில் காட்டும். இதையே அறிவியலில் திறன் என்கிறோம். கடிகாரம் நேரத்தை மட்டுமே சொல்லும். எதிர்க்காற்று வீசினால் அந்த நேரம் மாறிவிடும். திறன்மானியோ, கால்கள் செய்த வேலையை நேரடியாகச் சொல்லிவிடும்.

இந்த அளவு எப்படிப் பயன்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டில் ஆல்ப் துவேஸ் என்னும் புகழ்பெற்ற மலைச்சாலை உள்ளது. ‘டூர் டி பிரான்ஸ்’ மிதிவண்டிப் போட்டி 1952ஆம் ஆண்டு முதன்முதலாக அங்குச் சென்றது. அச்சாலையின் நீளம் 13.8 கிலோமீட்டர். அதில் 21 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அதன் சராசரிச் சரிவு 8.1 விழுக்காடு, அதாவது, 100 மீட்டர் முன்னேறினால் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக உயர வேண்டும். அடியிலிருந்து முடிவுவரை ஏறக்குறைய 1,120 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும்.

இச்சாலையில் ஓர் அண்ணனும் தம்பியும் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அண்ணனின் எடை 80 கிலோகிராம். அவரால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு 280 வாட் திறனைத் தொடர்ந்து வெளிப்படுத்த முடியும். தம்பியின் எடை 60 கிலோகிராம்; அவரால் முடிந்தது 240 வாட். சமதளச் சாலையில் அண்ணனே சற்று முந்துவார். அங்குப் பெரும்பகுதி ஆற்றல் காற்றைக் கிழித்துச் செல்லவே செலவாகிறது. ஒருவரின் எடை கூடும் அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை. எனவே, சமதளத்தில் மொத்தத் திறன் மிகுந்தவருக்கே வாய்ப்பு அதிகம்.

மலையில் கணக்கு மாறிவிடுகிறது. இத்தகைய சரிவில் மெதுவாகவே செல்ல முடிவதால் காற்றின் தடை குறைவு. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு ஆற்றல், புவியீர்ப்பை எதிர்த்து எடையை மேலே தூக்கவே செலவாகிறது. ஆகவே, மொத்தத் திறனைப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் எவ்வளவு திறன் கிடைக்கிறது என்று பார்ப்பதே பொருத்தம். இதுவே முதலாவது எண். இதனைத் திறன்-எடை விகிதம் என்பர். அண்ணனின் 280 வாட்டை 80ஆல் வகுத்தால் 3.5 கிடைக்கிறது. தம்பியின் 240 வாட்டை 60ஆல் வகுத்தால் 4.0 கிடைக்கிறது. உலகின் தலைசிறந்த வீரர்கள் நீண்ட மலையேற்றங்களில் ஏறக்குறைய 6 என்னும் விகிதத்தை எட்டுகின்றனர்.

இருவரும் முழுமூச்சாக ஏறினால், தம்பி ஏறக்குறைய 61 நிமிடத்திலும் அண்ணன் 66 நிமிடத்திலும் உச்சியை அடைவர். இங்கு ஒரு நுட்பம் உண்டு. 4.0 என்பது 3.5ஐவிட 14 விழுக்காடு அதிகம். ஆனால், நேர வேறுபாடு ஏறக்குறைய 8 விழுக்காடு மட்டுமே. ஏன்? மிதிவண்டி, தண்ணீர்ப் புட்டி, காலணி ஆகியவற்றின் எடை இருவருக்கும் ஏறக்குறைய 10 கிலோகிராம்தான். அந்தச் சுமை 80 கிலோ மனிதருக்குச் சிறியது. 60 கிலோ மனிதருக்குப் பெரியது. எடை குறைந்தவருக்கு இருக்கும் ஆதாயத்தில் ஒரு பகுதியை இச்சுமை எடுத்துக்கொள்கிறது.

திறன்-எடை விகிதம் யார் விரைவாக ஏறுவார் என்பதைச் சொல்லிவிட்டது. ஆனால், ஏறியவரின் உடல் எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வதுதான் இரண்டாவது எண்ணாகிய பயிற்சிச் சுமை மதிப்பெண். மிதிவண்டிக் கணினிகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இது TSS என்னும் எழுத்துகளுடன் தோன்றும். இதனை வகுத்தவர் ஆண்ட்ரூ கோகன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர்.

இந்த மதிப்பெண், ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதில்லை. அவரை அவருடைய எல்லையோடு ஒப்பிடுகிறது. ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய மிக உயர்ந்த திறனை அவருடைய எல்லைத் திறன் எனலாம். அதனை அறிய, பலர் 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, கிடைக்கும் சராசரித் திறனில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றனர். எல்லைத் திறனிலேயே ஒரு மணி நேரம் ஓட்டினால் மதிப்பெண் 100. மற்ற நேரங்களில் கணக்கிடும் முறை எளிது. முதலில், ஓட்டிய திறனை எல்லைத் திறனால் வகுக்க வேண்டும். கிடைக்கும் விடையை அதே விடையால் பெருக்க வேண்டும். பின்னர், அதனை ஓட்டிய மணி நேரத்தாலும் 100ஆலும் பெருக்க வேண்டும். ஒரே எண்ணை இருமுறை பெருக்குவதற்குக் காரணம் உண்டு. எல்லையை நெருங்க நெருங்க, ஒவ்வொரு கூடுதல் வாட்டும் உடலை முன்னைவிட அதிகமாக வருத்துகிறது.

ஒரு வாரம் கழித்து, அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டே ஒன்றாக ஏறி, 70 நிமிடத்தில் உச்சியை அடைகின்றனர் என்று கொள்வோம். கடிகாரத்தின்படி இருவருக்கும் ஒரே பயணம்தான். ஆனால், அந்த வேகத்தில் ஏற அண்ணனுக்கு 265 வாட் தேவைப்படுகிறது. அது அவரது எல்லையில் 0.95 பங்கு. எனவே, அவரது மதிப்பெண் 105. தம்பிக்கு 207 வாட் போதும். அது அவரது எல்லையில் 0.86 பங்கு. அவரது மதிப்பெண் 87 மட்டுமே. தம்பி சிரித்துப் பேசியபோது அண்ணன் ஏன் ஓரிரு சொற்களில் விடை சொன்னார் என்பது இப்போது புரிகிறது அல்லவா? அண்ணனுக்குச் சோம்பல் இல்லை. அன்றைய தினம் அதிகமாக உழைத்தவர் அவர்தாம்.

இவ்வெண்கள் நம்மை ஏமாற்றும் இடங்களும் உள்ளன. முதலாவது, பழைய எல்லைத் திறன். தம்பி சில மாதங்கள் பயிற்சி செய்து, 210 வாட்டாக இருந்த தம் எல்லையை 240ஆக உயர்த்தியிருக்கலாம். ஆனால், செயலியில் 210 என்பதையே மாற்றாமல் விட்டால், அதே 70 நிமிடப் பயணத்துக்கு 87க்கு மாறாக ஏறக்குறைய 113 மதிப்பெண் தோன்றும். கடினமாக உழைத்துவிட்டோம் என்று எண்ணி, அவர் தேவையின்றி ஓய்வெடுப்பார். இப்பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விளக்கத்தின்படி, முழுமூச்சாக ஓட்டினாலும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 100 மதிப்பெண்தான் பெற முடியும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 120 அல்லது 130 என்று காட்டினால், உடல் அதிசயம் செய்துவிடவில்லை. செயலியில் உள்ள எல்லைத் திறன் பழையதாகிவிட்டது என்பதே பொருள்.

இரண்டாவது, வெப்பம். திறன்மானிக்கு வெயில் தெரியாது. குளிர்ந்த காலையில் 200 வாட்டில் ஏறினாலும், புழுக்கம் மிகுந்த நண்பகலில் 200 வாட்டில் ஏறினாலும் மதிப்பெண் ஒன்றே. ஆனால், நண்பகலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், இதயம் விரைவாகத் துடிக்கிறது. ஆகவே, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வாழ்வோர் மதிப்பெண்ணுடன் இதயத் துடிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறன் மாறாமல் இருக்கையில் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், நிழலில் நின்று நீர் அருந்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது தவறுதான் மிகவும் ஆபத்தானது. விகிதத்தை உயர்த்த இரண்டு வழிகள் இருப்பதாகத் தோன்றும்: திறனைக் கூட்டுவது ஒன்று, எடையைக் குறைப்பது மற்றொன்று. வளரும் பருவத்தினர் சிலர் இரண்டாவது வழியை நாடி, உணவைக் குறைத்துவிடுகின்றனர். தம்பி அவ்வாறு செய்து மூன்று கிலோகிராம் எடையைக் குறைத்தார் எனக் கொள்வோம். போதிய உணவின்றித் தசைகள் தளர்ந்து, அவரது எல்லைத் திறன் 225 வாட்டாக இறங்கிவிடுகிறது. இப்போது 225ஐ 57ஆல் வகுத்தால் கிடைப்பது 3.95. அதாவது, பசியோடு இருந்து அவர் பெற்றது முன்னைவிடக் குறைந்த விகிதமே! பசியைத் தொடர்ந்து பொறுத்துக்கொள்வோருக்கு எலும்புகளும் வலுவிழக்கக்கூடும். அந்த இழப்பை எந்தச் செயலியும் காட்டுவதில்லை.

எனவேதான், பயிற்றுநர்கள் வளரும் ஓட்டுநர்களிடம் எடையைப் பற்றிப் பேசாமல் திறனை வளர்ப்பதைப் பற்றியே பேசுகின்றனர். முறையான பயிற்சியால் 240 வாட் 250 ஆனால், 60 கிலோகிராம் எடையுடனேயே தம்பியின் விகிதம் 4.2ஐ நெருங்கிவிடும். அப்போது ஆல்ப் துவேஸ் மலையில் அவருக்கு இரண்டு நிமிடத்துக்குமேல் மிச்சமாகும். அதற்கு அவர் ஒரு வேளை உணவையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.