மூன், ஹெர்மிட்: ஆபீஸ்ல ஏதோ மறைக்கிறாங்களா?

இன்னைக்கு எபிசோடுக்கு ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்தான் காரணம். அவங்க சென்னையில டெஸ்டிங் என்ஜினியர். மூணு வாரமா மேனேஜர் ஒன்-ஆன்-ஒன் மீட்டிங்கைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கார். காலண்டர்ல அவரோட நேரம் முழுக்க 'பிரைவேட்'னு காட்டுது. இதுக்கு நடுவுல, வீட்டு வாடகை அக்ரிமென்ட்டை இன்னும் 11 மாசத்துக்குப் புதுப்பிக்கணும். "டீம் பத்தி எதையோ மறைக்கிறாங்களா?"ன்னு கேட்டு மூணு டாரோ கார்டு எடுத்திருக்காங்க.

'நான் பார்க்கிறது' என்ற இடத்தில் மூன். 'மறைஞ்சிருக்கிறது' என்ற இடத்தில் ஹெர்மிட். 'செய்ய வேண்டியது' என்ற இடத்தில் பேஜ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். "அப்போ வேலை போயிடுமா?"ன்னு கேக்குறாங்க.

முதல்ல படங்களைப் பார்ப்போம். இப்போ பரவலா புழங்குற கார்டு கட்டு 1909-ல லண்டன்ல வெளியானது. வடிவமைச்சவர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், வரைஞ்சவர் பமேலா கோல்மன் ஸ்மித். அதில் மூன் 18-ஆவது கார்டு. ஒரு நாயும் ஒரு ஓநாயும் அதே நிலாவைப் பார்த்து ஊளையிடும். குளத்திலிருந்து ஒரு நண்டு மாதிரியான உயிர் மேலே ஏறி வரும். நடுவில் ஒரு பாதை இரண்டு கோபுரங்களைத் தாண்டிப் போகும். பாதை இருக்கு, ஆனா வெளிச்சம் பத்தாது. அதனால பணியிடக் கேள்வியில் மூன் வந்தா, "பொய் சொல்றாங்க"ன்னு உடனே முடிவு கட்டக் கூடாது. நமக்குத் தெரியற தகவல் அரைகுறை, மீதியைப் பயம் நிரப்புதுன்னுதான் எடுத்துக்கணும்.

ஹெர்மிட் 9-ஆவது கார்டு. பனி மலை உச்சியில் ஒரு கிழவர், கையில் விளக்கு. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. பழைய வடிவங்களில் அந்த விளக்கு அவர் போர்வைக்குள்ள பாதி மறைஞ்சிருக்கும். வெய்ட் அதை வெளியே எடுத்துக் காட்டினார். ஆனா அதே வெய்ட், இந்தக் கார்டுக்குப் பலன் எழுதும்போது எச்சரிக்கை, விவேகம் என்பதோட துரோகம், பாசாங்கு என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கார். 'ஞானி கார்டு, நல்லதுதான்'னு மட்டும் நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும். தகவல் கேள்வியில் ஹெர்மிட் சொல்றது இதுதான்: விளக்கு ஒருத்தர் கையில் இருக்கு, அவர் தனியா நிக்கிறார். அந்த வெளிச்சமும் பக்கத்துல இருக்கிற சில அடி தூரத்துக்குத்தான்.

இப்போ ரெண்டையும் சேர்ப்போம். நேயர் பார்க்கிறது மூன், அதாவது தள்ளிப்போன மீட்டிங், பிரைவேட் காலண்டர். இதெல்லாம் நிழல். லீவு, அப்ரைசல் வேலை, ஆள் குறைப்பு, எதுக்கும் இதே நிழல்தான் விழும். மறைஞ்சிருக்கிறது ஹெர்மிட், அதனால யாரோ ஒருத்தருக்கு ஏதோ தெரியும். ஆனா முழுக் கதையும் அவருக்கே தெரியாம இருக்கலாம். மூணாவது கார்டில், காத்து அடிக்கிற மேட்டில் ஒரு இளைஞர் வாளோட சுத்திப் பார்த்து நிக்கிறார். அதாவது, விழிப்பா இரு, விசாரி. அதனால கேள்வி மேனேஜரிடம் போகணும், அதுவும் சின்னதா: "அடுத்த காலாண்டுல என் வேலை எந்த ப்ராஜெக்ட்ல? எப்போ உறுதியாகும்?" பதில் வர்ற வரைக்கும் அக்ரிமென்ட்டை ஒரு மாசம் நீட்டிக்க முடியுமான்னு வீட்டு ஓனர்கிட்ட கேக்கலாம்.

இடம் மாறினா அர்த்தமும் மாறும். ஹெர்மிட் 'பார்க்கிறது'லயும் மூன் 'மறைஞ்சிருக்கிறது'லயும் வந்திருந்தா? மேனேஜர் வாயைத் திறக்கல, ஆனா உள்ளேயும் இன்னும் எதுவும் முடிவாகல. அப்போ அழுத்திக் கேட்டாலும் பதில் கிடைக்காது. ஒரு தேதி வெச்சுக் காத்திருக்கிறதுதான் சரி.

பெரும்பாலும் எங்கே தப்பு நடக்குதுன்னா, பிடிக்காத பதில் வந்ததும் திரும்பத் திரும்பக் கார்டு எடுக்கிறது. மூணாவது தடவை எடுக்கும்போது நீங்க கேள்வி கேக்கல, பயத்துக்குச் சாட்சி தேடறீங்க.

கடைசியா ஒரு கணக்கு. "ரெண்டு கார்டும் சேர்ந்தே வந்துச்சே, இது சும்மாவா?"ன்னு அவங்க கேட்டாங்க. 78 கார்டில் மூணு எடுத்தா, இந்த ரெண்டும் உள்ளே இருக்க வாய்ப்பு 1001-ல் 1. அபூர்வம்தான். ஆனா நீங்க முன்கூட்டியே பேர் சொல்ற எந்த ஜோடிக்கும் அதே 1001-ல் 1தான். அதனால ஜோடி வந்தது ஆதாரம் ஆகாது. மேனேஜர் சொல்ற பதில், மெயிலில் வர்ற தேதி, இதுதான் ஆதாரம். கார்டு பார்த்து யார் மேலயும் சந்தேகத்தை முடிவாக்கிடாதீங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.