கலவைச் சட்டியிலிருந்து கரண்டிக்கு



வீடு கட்டும் இடத்தை நீங்கள் நின்று பார்த்திருப்பீர்கள். அங்கே ஒருவர் சுவரின் முன் நின்று கரண்டி பிடிப்பார். மற்றொருவர் கீழே கலவை குழைத்துச் சட்டியில் அள்ளி அவரிடம் சேர்ப்பார். முன்னவர் கொத்தனார், பின்னவர் சித்தாள். இருவருக்கும் இடையே உள்ள தூரம் நான்கு அடிதான். ஆனால் கூலியில் அத்தூரம் பெரிது. 2019ஆம் ஆண்டில் லால்குடிப் பக்கத்தில் நான் வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்டியபோது, கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாயும், சித்தாளாக வந்த பெண்ணுக்கு 400 ரூபாயும் கொடுத்தேன். இந்த நான்கு அடியைக் கடப்பது எப்படி என்பதைச் சுவர்ப்பூச்சு வேலையை வைத்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சித்தாள் என் பழைய மாணவி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எட்டு ஆண்டுகளாகக் கலவை சுமப்பவள். "எட்டு வருஷம் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாயே, உனக்குப் பூசத் தெரியாதா?" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியும் ஐயா, கரண்டியைத்தான் யாரும் கொடுப்பதில்லை" என்றாள்.

அவ்விடையில் இத்தொழிலின் முடிச்சு முழுவதும் இருக்கிறது. கொத்தனார் கரண்டியைக் கொடுக்க மறுப்பது பெரும்பாலும் பொறாமையால் அன்று. பூசிய சுவர் கெட்டால் அதைக் கொத்தி எடுக்க வேண்டும்; சிமெண்டு வீண், மணல் வீண், ஒரு நாள் கூலி வீண். வீட்டுக்காரர் கேட்பது சித்தாளை அல்ல, மேஸ்திரியை. ஆகவே, கெட்டாலும் நட்டம் பெரிதாகாத சுவர் ஒன்று கிடைத்தால்தான் கற்பவர் கையில் கரண்டி ஏறும். மாடிப்படியின் அடிப்பக்கம், பண்டசாலையின் உட்சுவர், பின்னால் ஓடு பதித்து மூடப்போகும் சமையலறைச் சுவர் ஆகியவையே பலருக்குப் பள்ளிக்கூடம். என் அறையின் மேற்குச் சுவரை அவளிடம் விடும்படி நான் மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டேன். "கெட்டால் பொருள் உங்களுடையது, ஐயா" என்றார். ஒப்புக்கொண்டேன்.

அது பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள, வாசலும் சன்னலும் இல்லாத செங்கற்சுவர். ஓரத்தில் ஒரு கான்கிரீட்டுத் தூண். முதல் நாள் மாலையே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். செங்கற்களின் இடைச்சந்துகளில் தளர்ந்திருந்த கலவையைச் சுரண்டிப் பள்ளமாக்கினாள். தூசியைத் துடைப்பத்தால் தட்டினாள். தூணின் வழவழப்பான முகத்தைச் சுத்தியலாலும் உளியாலும் கொத்திச் சொரசொரப்பாக்கினாள். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் பிற்பாடு வெடிப்பு விழாதிருக்கக் கோழிவலைக் கம்பியை அடித்தாள். பின்பு சுவரை நனைத்தாள். உலர்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரிழந்த சிமெண்டு இறுகாமல் மாவாய் உதிரும். நனைப்பதன் காரணம் இதுவே. ஆனால் பூசும் வேளையில் சுவர் ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, அதன்மேல் நீர் ஓடக் கூடாது.

மறுநாள் காலை அவள் கரண்டியைத் தொடுமுன் எடுத்தது தூக்குக்குண்டு. பார்ப்பவர்க்குப் பூசுதல் கைவேலையாகத் தோன்றும். உண்மையில் அது முதலில் அளவு வேலை. செங்கற்சுவர் எதுவும் முற்றிலும் நேராக நிற்பதில்லை. மேலே ஓரிடத்தில் அரை அங்குலக் கனத்தில் கலவையால் ஒரு சிறு வில்லை வைத்து, அதன் முகத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, கீழே அதே நேரில் இன்னொரு வில்லை வைக்க வேண்டும். மறுபக்கமும் அப்படியே. பிறகு குறுக்கே நூல் கட்டி, இடையிலும் வில்லைகள் வைத்து, மேல் வில்லையையும் கீழ் வில்லையையும் செங்குத்தான கலவைப் பட்டையால் இணைத்துவிட்டால், சுவருக்கு ஒரு சட்டம் கிடைத்துவிடுகிறது. பட்டைகளின் இடைவெளி, கையிலுள்ள மட்டப்பலகையின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் பலகை இரு பட்டைகளின்மேலும் படிந்து ஓடும்.

குண்டைத் தொங்கவிட்டபோது ஒன்று தெரிந்தது. சுவரின் அடிப்பக்கச் செங்கல், மேற்பக்கத்தைவிடக் கால் அங்குலம் அறைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. அனுபவமில்லாதவர் எங்கும் அரை அங்குலம் என்று பூசிவிடுவார். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் சுவர் சாய்ந்தே நிற்கும். அலமாரியை அதன் அருகே வைக்கும் நாளில்தான் குற்றம் வெளிப்படும். அவள் மேல் வில்லையைப் பெயர்த்துவிட்டாள். துருத்திய அடியில் அரை அங்குலம், உச்சியில் முக்கால் அங்குலம் என்று வில்லைகளை மாற்றி வைத்தாள்.

பின்பு மேஸ்திரியிடம் சென்று, "ஒரு மூட்டை போதாது அண்ணே, கால் மூட்டை கூட வேண்டும்" என்றாள். அக்கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. உட்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்றால், மூட்டைக்கு ஆறேகால் கன அடி மணல். செங்கற்சந்துகள் உண்பதையும் கீழே சிந்துவதையும் சேர்த்தால், இது அரை அங்குலக் கனத்தில் சுமார் நூறு சதுர அடிக்கு வரும். இங்கே அடியில் அரை, உச்சியில் முக்கால். சராசரி அரையேயரைக்கால் அங்குலம். அரை அங்குலத்தைவிட அது கால் பங்கு அதிகம். ஆகவே ஒன்றேகால் மூட்டை. மேஸ்திரி சற்றுநேரம் சுவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். கலவை சுமப்பவர் சட்டியை எண்ணுவார். வேலைக்கு உரியவர் சுவரைக் கணக்கிடுவார். அவள் அன்றே பாதித் தூரத்தைக் கடந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

கலவையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் "தளர்ந்துவிட்டது", "இறுகிவிட்டது" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய கை அது. சலித்த மணலும் சிமெண்டும் ஒரே நிறமாகும் வரை உலர் நிலையில் புரட்டி, அரைமணி நேரத்தில் தீரக்கூடிய அளவுக்கு மட்டும் நீர் ஊற்றினாள். இறுகத் தொடங்கிய கலவையில் மேலும் நீர் விட்டுக் குழைப்பது தொழிலில் பெருங்குற்றம்; அது மீண்டும் இளகும், ஆனால் பழைய வலிமை அதற்கு வராது.

அவளுக்குப் புதிது கலவையை எறிதல். கலவையைச் சுவரில் தடவினால் அது மேலோடு ஒட்டும். மணிக்கட்டைச் சுண்டி வீசினால்தான் சந்துகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். முதல் ஒரு மணிநேரம் பாதி அவள் காலடியில் விழுந்தது. நண்பகலுக்குள் கை பழகிவிட்டது. இரு பட்டைகளுக்கிடையே நிரப்பியபின், மட்டப்பலகையைப் பட்டைகள்மேல் அழுத்தி, இடமும் வலமும் அசைத்தவாறே கீழிருந்து மேலாக இழுத்தாள். மிகுதி வழிந்து வந்தது; பள்ளங்கள் தெரிந்தன; அவற்றை நிரப்பி மறுபடி இழுத்தாள்.

அடுத்தது பொறுமையின் பகுதி. பலகை இழுத்தவுடன் மணியாசுக் கட்டையால் தேய்க்கக் கூடாது. விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், கலவை விரலில் ஒட்டக் கூடாது, அதுவே பதம். முன்னதாகத் தேய்த்தால் கலவை சரியும்; அளவுக்கு மேல் தேய்த்தால் நீரும் சிமெண்டும் மேலே வந்து, உலர்ந்தபின் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் படரும். ஈரத்தை விரைவில் போக்க உலர்சிமெண்டைத் தூவுவதும் அதே தீங்கைச் செய்யும். கொத்தனார் அரைநாளில் முடிக்கும் சுவரை அவள் ஒன்றரை நாளில் முடித்தாள். மறுநாள் தொடங்கி ஏழு நாள்கள் காலையும் மாலையும் நீர் தெளித்தாள்.

எட்டாம் நாள் மேஸ்திரி சோதித்தார். இரவில் ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அப்போது நிழலாக விழும். நிழல் அதிகமில்லை. பின்பு விரல்முட்டியால் அங்கங்கே தட்டினார். எங்கும் கெட்டியான ஓசை; தூணின்மேல் மட்டும், இரண்டடி நீளமும் ஓரடி அகலமுமான இடத்தில், காலிப்பானையின் ஓசை. அங்கே பூச்சு தூணைப் பிடிக்கவில்லை. உயரமான அந்த இடத்தைச் சாரமின்றி எட்டிக் கொத்தியதால் கொத்து ஆழமாக விழவில்லை என்பது பெயர்த்தபோது தெரிந்தது. அவளே பெயர்த்து, ஏணி வைத்து நன்றாகக் கொத்தி, மறுபடியும் பூசினாள். பொருள் செலவு சிறிது. அதை நான் ஏற்றேன். ஆனால் தன் பூச்சின் ஓசையைத் தானே கேட்டுக் குற்றம் கண்டுபிடிக்க அவள் அன்று கற்றுக்கொண்டாள். அடுத்த சுவரில் மேஸ்திரி தட்டுமுன் அவளே தட்டிப் பார்த்தாள்.

ஓடு பதிப்பவரும் வண்ணம் அடிப்பவரும் இந்தச் சுவரின் மீதே தம் வேலையைத் தொடங்குகின்றனர். சுவர் கால் அங்குலம் வளைந்திருந்தால் ஓட்டின் விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கும். வண்ணக்காரர் மெல்லிதாய்த் தடவும் பட்டி அவ்வளைவை மறைக்காது. ஆதலால் தூக்குக்குண்டும் நூலும் பழகியவருக்கு அத்தொழில்களின் வாசலும் பாதி திறந்தே இருக்கிறது.

அவளுடைய கூலி உடனே உயர்ந்துவிடவில்லை. சில மாதங்கள், கரண்டி பிடித்த நாளுக்கு 600 ரூபாய், சட்டி சுமந்த நாளுக்கு 400 ரூபாய் என்று வாங்கினாள். பிறகுதான் உட்சுவர் வேலைக்குக் கொத்தனார் கூலி முழுவதும் கிடைத்தது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு உண்டு. அச்சான்று அயலூரில் அறிமுகத்துக்கு உதவும். ஆனால் மேஸ்திரி கேட்பது சுவரைத்தான்.

ஒரு தடை இன்னும் நீங்கவில்லை. சாரத்தின்மேல் ஏறிச் செய்யும் வெளிச்சுவர் வேலைக்கு அவளை இன்றும் அழைப்பதில்லை. பெண் கரண்டி பிடிப்பதைக் கண்ட வீட்டுக்காரர் சிலர், சுவரைப் பார்க்குமுன்பே கூலியைக் குறைத்துப் பேசுகின்றனர். அப்படிப் பேசிய ஒருவரிடம் அவள் சொன்ன விடையை அவள் வாயாலேயே கேட்டேன்: "குண்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள் ஐயா, அதற்கு ஆண் பெண் தெரியாது."

என் மேற்குச் சுவரின் அருகே இப்போது புத்தக அலமாரி நிற்கிறது. உச்சி முதல் அடி வரை இடைவெளி ஒரே அளவாக இருக்கிறது.